பால் ஏன் வளையமாகத் தீய்கிறது? அடி கனமான பாத்திரம் வேலை செய்யும் விதம்

திரட்டுப்பால் செய்முறையில் முதல் வரியே "அடி கனமான பாத்திரத்தில்" என்றுதான் தொடங்கும். ஏன் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. அதனால் புதிதாகச் சமைக்க வருபவர்கள் கனம் என்றால் எடை என்று எடுத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த பெரிய பாத்திரத்தில் பாலை ஊற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்த ஒரு மெஸ் சமையற்காரரின் கதையை வைத்துக்கொண்டு, பாத்திரத்தைச் சோதிப்பதிலிருந்து திரட்டுப்பாலை இறக்குவது வரை படிப்படியாகப் பார்க்கலாம்.

சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சீமந்தத்துக்காக 2 லிட்டர் பாலில் திரட்டுப்பால் கேட்டிருந்தார்கள். பளபளப்பான, மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் பாலை ஏற்றினார். விடாமல் கிளறியும் பால் பாதி சுண்டும்போதே தீய்ந்த வாடை வந்துவிட்டது. பால்காரர் மேல் சந்தேகம், பாலில் கலந்த தண்ணீர் மேல் சந்தேகம், கடைசியில் கிளறிய பையன் மேலும் சந்தேகம். கருகிய பாத்திரத்தோடு பாத்திரக்கடைக்குப் போனார்.

"கருகினது நடுவுலயா, ஓரத்துலயா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ரெண்டும் இல்லண்ணாச்சி. நடுவுல வெள்ளையா இருக்கு, ஓரமும் வெள்ளையா இருக்கு. இடையில வளையமா கருகியிருக்கு."

"அப்ப வீட்டுக்குப் போய் பர்னர கழட்டி அந்தக் கறை மேல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். பர்னரின் துளைகள் இருக்கும் வட்டமும் கருகிய வட்டமும் அச்சு அசலாகப் பொருந்தின. சந்தேகப்பட்ட மூவரில் யார் மேலும் குற்றமில்லை.

முதலில் கறையைப் படியுங்கள்

அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதற்கு முன் கறையின் உருவத்தைப் பாருங்கள். என்ன நடந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

வளையமாகக் கருகியிருந்தால், தீ படும் இடத்திலேயே சூடு நின்றுவிட்டது, பக்கவாட்டில் பரவவில்லை என்று அர்த்தம். கேஸ் அடுப்பில் தீ நடுவில் எரிவதில்லை. துளைகளின் வட்டத்தில்தான் எரிகிறது. அடி முழுவதும் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் பாத்திரம் நல்லதுதான், தீதான் அதிகம். ஒரு பக்கம் மட்டும் பிறைபோல் கருகியிருந்தால் பர்னரில் சில துளைகள் அடைத்திருக்கும், அல்லது பாத்திரம் அடுப்பின் நடுவில் உட்காரவில்லை. அடியும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் கருகியிருந்தால் தீநாக்கு அடியைத் தாண்டிப் பக்கச் சுவரை நக்கியிருக்கிறது.

பாத்திரத்தைச் சோதிப்பது

பாலைப் பலி கொடுக்காமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பாத்திரத்தில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, நடுத்தரத் தீயில் வையுங்கள். கரண்டி போடாமல் மேலிருந்து பாருங்கள். மெல்லிய பாத்திரத்தில் முதல் குமிழிகள் தீ வட்டத்துக்கு நேர் மேலே, கோலப்புள்ளி வைத்ததுபோல் வளையமாகக் கிளம்பும். நடுவில் தண்ணீர் சும்மா நிற்கும். அடி கனமான நல்ல பாத்திரத்தில் குமிழி கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் அடி முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும்.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் மைதாச் சோதனை. ஈரமில்லாத பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி மைதாவை மெல்லிய படலமாகத் தூவி, நடுத்தரத் தீயில் வைத்துக் கிளறாமல் விடுங்கள். சூடு அதிகமாக ஏறும் இடத்தில் மாவு முதலில் பழுக்கும். பழுப்பு தெரிந்தவுடன் அடுப்பை அணைத்துவிடுங்கள், புகையும் வரை காத்திருக்க வேண்டாம். நான்-ஸ்டிக் பாத்திரத்தில் இந்தச் சோதனை கூடாது. வெறும் சூட்டில் அந்தப் பூச்சு கெட்டுவிடும்.

நம் சமையற்காரர் தன் எவர்சில்வர் பாத்திரத்தில் மாவைத் தூவிப் பார்த்தபோது, பழுத்த வளையத்துக்கு நடுவில் மாவு வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

கனம் என்ன செய்கிறது?

இங்கே இரண்டு வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, சூடு பக்கவாட்டில் பரவுவது. இன்னொன்று, சூடு உள்ளே சேமிக்கப்படுவது. கனமான அடி இரண்டுக்குமே உதவும். ஆனால் எந்த உலோகம் எதற்கு அதிகம் உதவும் என்பது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கடையில் தவறான பாத்திரம் வாங்குகிறோம்.

பரவுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். தீ படும் இடத்தில் ஏறிய சூட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. நேராக மேலே ஏறிப் பாலுக்குள் போகலாம். அல்லது உலோகத்துக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி, தீ படாத இடத்துக்குப் போகலாம். தகடு மெல்லியதாக இருந்தால் பக்கவாட்டுப் பாதை மிகக் குறுகல். அந்த வழியாகப் போகும் சூடு சொற்பம். மீதியெல்லாம் அதே இடத்தில் மேலே ஏறிவிடும். தகடு தடிமனாக இருந்தால் பக்கவாட்டுப் பாதை அகலமாகிறது. ஆக, சூடு எவ்வளவு நன்றாகப் பரவும் என்பதை உலோகம் சூட்டைக் கடத்தும் திறனும் தடிமனும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் போதும்.

எவர்சில்வர் சூட்டைக் கடத்தும் திறனை 1 என்று வைத்துக்கொண்டால், வார்ப்பிரும்பு ஏறக்குறைய 3, பித்தளை 7, அலுமினியம் 14, செம்பு 26. எவர்சில்வர் சமையலறையில் எவ்வளவுதான் நல்ல பெயர் வாங்கியிருந்தாலும் சூட்டைப் பரப்புவதில் மிக மட்டம்.

இப்போது சமையற்காரரின் பாத்திரத்துக்குக் கணக்குப் போடுவோம். 0.7 மி.மீ. எவர்சில்வர் அடி: 1 பெருக்கல் 0.7, அதாவது 0.7. அதையே 3 மி.மீ. தடிமனுக்கு முழு எவர்சில்வரில் செய்தாலும் 3-தான். 5 மி.மீ. வார்ப்பிரும்பு 15. அடியில் 5 மி.மீ. அலுமினியத் தட்டு பதித்த பாத்திரம், அதாவது கடையில் சாண்ட்விச் பாட்டம் என்று கேட்டால் எடுத்துத் தருவது, 70. முதலாவதற்கும் கடைசிக்கும் நூறு மடங்கு வித்தியாசம்.

நூறு மடங்கு என்பதால் சூடு நூறு மடங்கு தூரம் ஓடிவிடாது. வழியெல்லாம் பாலுக்கு இறங்கிக்கொண்டே போவதால், ஓடும் தூரம் இந்த எண்ணின் வர்க்கமூலமாகத்தான் கூடும்: நூறு மடங்குக்குப் பத்து மடங்கு தூரம். பால் கொதித்துக்கொண்டிருக்கும்போது மெல்லிய எவர்சில்வர் அடியில் சூடு தோராயமாக 3 மி.மீ. பரவினால், அலுமினியம் பதித்த அடியில் 3 செ.மீ. பரவும். பர்னர் வட்டத்திலிருந்து நடுப்பகுதிக்கு உள்ள தூரமும் அந்த அளவில்தான் இருக்கிறது. அதனால்தான் முதலாவதில் வளையம் விழுகிறது, இரண்டாவதில் விழுவதில்லை.

செம்பு அடி என்று விற்கும் பாத்திரங்களையும் இதே கணக்கில் எடைபோடலாம். வெளியே மினுமினுக்கும் செம்பு வெறும் 0.1 மி.மீ. பூச்சு என்று வைத்துக்கொண்டால் 26 பெருக்கல் 0.1, அதாவது 2.6. எவர்சில்வர் அடியை இன்னும் கொஞ்சம் தடித்ததற்குச் சமம், அவ்வளவுதான். பார்க்க அழகு, புளி போட்டுத் தேய்க்கும் வேலைதான் மிச்சம்.

அடுத்தது சேமிப்பு. இதில் எடைதான் பேசும். 28 செ.மீ. அகலமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள வார்ப்பிரும்பு தோசைக்கல் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அதன் மேல் மாவை ஊற்றியவுடன் 10 கிராம் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். அதற்கான சூடு முழுவதையும் கல்லிலிருந்தே எடுத்தாலும் கல் 20 டிகிரி சொச்சம்தான் குளிரும். அரைக் கிலோ இரும்புத் தகடாக இருந்தால் அதே நீர் அதை ஏறக்குறைய 100 டிகிரி இறக்கிவிடும். தோசை வெளுத்து ஒட்டிக்கொள்வது அப்போதுதான். கனமான கல்லில் இரண்டாவது தோசையும் முதல் தோசைபோலவே வருவதற்கு இந்தச் சேமிப்பே காரணம்.

ஆனால் கனமான வார்ப்பிரும்பு சூட்டைச் சேமிக்கும் அளவுக்குப் பரப்பாது. காய்ந்த கல்லைப் பெரிய தீயில் இரண்டே நிமிடம் வைத்துத் தோசை ஊற்றினால் அதிலும் வளையம் விழும். சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் காயவிட்டால்தான் சூடு ஓரம் வரை போய்ச் சேரும். இரும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சூடாகும் என்று பலரும் நம்புவது இந்தப் பொறுமையான காய்ச்சலைக் கண்டுதான். பொறுமையை எடுத்துவிட்டால் அந்தச் சீரும் போய்விடும்.

பால் மட்டும் ஏன் இப்படிப் பழிவாங்குகிறது?

அதே மெல்லிய பாத்திரத்தில் ரசம் வைத்தால் ஒன்றும் ஆவதில்லை. ரசம் நீர்த்திருப்பதால் அடியில் சூடான நீர் மேலே போய், மேலே ஆறிய நீர் கீழே வருகிறது. அந்தச் சுழற்சி நடக்கும்வரை அடி 100 டிகிரியை விட்டு வெகுதூரம் போகாது.

பாலில் கதை வேறு. 70 டிகிரியைத் தாண்டியவுடனே பாலில் உள்ள மோர்ப் புரதங்கள் உருக்குலைந்து, சூடான உலோகத்தில் ஒட்டத் தொடங்குகின்றன. கூடவே பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் படியும். இந்தப் படலம் சூட்டைச் சரியாகக் கடத்தாது. அதனால் படலத்துக்குக் கீழே உள்ள உலோகம் மேலும் சூடாகும். சூடாக ஆக இன்னும் படலம் படியும். பால் சுண்டிக் கெட்டியானதும் சுழற்சியும் நின்றுவிடும். பிறகு தீக்கு நேர் மேலே உள்ள இடத்தில் படலம் பழுத்து, கறுத்து, வாடை பால் முழுவதும் பரவிவிடும். கிளறுவது இந்தப் படலத்தைச் சுரண்டி எடுக்கும், ஆனால் தீ வட்டத்துக்கு மேல் சூடு குவிவதை அது நிறுத்தாது. கிளறிய பையன் மேல் கோபப்பட்டது இதனால்தான் வீண்.

இரண்டாவது முயற்சி, படிப்படியாக

அலுமினியம் பதித்த அடியுள்ள 4 லிட்டர் பாத்திரத்தைச் சமையற்காரர் வாங்கிவந்தார். 2 லிட்டர் பாலுக்கு இந்த அளவு தேவை, இல்லையென்றால் பொங்கி வழியும். அடி அகலமாக, சுவர் அதிக உயரமில்லாமல் இருந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகும்.

பாத்திரத்துக்கேற்ற பர்னரைத் தேர்ந்தெடுங்கள். தீநாக்கின் நுனி அடியின் விளிம்புக்கு உள்ளே 2 செ.மீ.யாவது அடங்கி நிற்க வேண்டும். பதித்த தட்டு அடியோடு முடிந்துவிடுகிறது; சுவர் பழையபடி மெல்லிய எவர்சில்வர்தான். தீ சுவரைத் தொட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் மூலையில் கருகும்.

பால் ஊற்றுமுன் பாத்திரத்தைத் தண்ணீரால் அலசி, ஈரத்தோடு கொழுப்பு நீக்காத பாலை ஊற்றி, நடுத்தரத் தீயில் வையுங்கள். முதல் கொதி வரும்வரை அவசரப்பட்டுத் தீயைக் கூட்டாதீர்கள். படலம் ஒட்டத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். கொதித்தபின் பொங்கி வழியாத அளவுக்குத் தீயை வைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். தட்டையான முனையுள்ள மரத் துடுப்பு அல்லது தோசைத்திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த கரண்டி ஒரு புள்ளியில் மட்டுமே அடியைத் தொடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, பிறகு மூலையைச் சுற்றி ஒரு வட்டம். சுவரில் படியும் ஆடையையும் வழித்து உள்ளே தள்ளிவிடுங்கள்.

பால் பாதியாகும்வரை சிக்கல் வராது. கால்பங்காகும்போது, அதாவது அரை லிட்டர் அளவில், கொதியின் சத்தமே மாறும்: சலசலப்பு போய், கெட்டியான கூழ் கொதிப்பதுபோல் பொத்துப் பொத்தென்று வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட வேண்டும். இனிமேல் கை எடுக்கக் கூடாது. தீ குறைத்த பின்னும் ஒன்றிரண்டு நிமிடம் கொதி அடங்காமல் இருக்கும். கனமான அடி சேமித்த சூட்டைச் செலவழிக்கிறது. ஆகவே இங்கே தீயை எப்போதும் ஒரு கட்டம் முன்னதாகவே குறைக்கப் பழகுங்கள்.

பால் திரண்டு, கிளறும்போது அடி தெரிய ஆரம்பித்ததும் 150 கிராம் சர்க்கரை சேருங்கள். சர்க்கரை கரைந்து கலவை மறுபடி இளகும். பயப்பட வேண்டாம், சில நிமிடங்களில் திரும்பக் கெட்டியாகும். சர்க்கரை விழுந்தபின் கருகும் வாய்ப்பு இன்னும் அதிகம் என்பதால் தீயைக் கூட்டி அவசரப்படுத்தாதீர்கள். ஆரம்பத்திலிருந்து மொத்தம் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். தீயையும் பாத்திரத்தின் அகலத்தையும் பொறுத்தது.

இறக்கும் பதம்தான் புதியவர்கள் தவறவிடுவது. மெல்லிய பாத்திரத்தில் பழகியவர்கள் பதம் சரியாக வந்ததும் அடுப்பை அணைப்பார்கள். கனமான அடியில் அணைத்த பிறகும் வேகும். வேண்டிய பதத்துக்குக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே அணைத்து, உடனே நெய் தடவிய தட்டுக்கு மாற்றிவிடுங்கள். பாத்திரத்திலேயே ஆறவிட்டால் அடிப்பகுதி மணல்போல் உதிர்ந்துவிடும். நம் சமையற்காரருக்கு இரண்டாம் முறை கருகவில்லை, ஆனால் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு இப்படி உதிர்ந்துபோனது. அதைத் தனியே எடுத்துவைத்தார். மேலே இருந்தது மட்டும் சீமந்தத்துக்குப் போனது.

அப்படிப் பாத்திரம் இல்லையென்றால்

வீட்டில் இருக்கும் கனமான தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, அதன் மேல் மெல்லிய பாத்திரத்தை வையுங்கள். பிரியாணிக்குத் தம் போடும்போது செய்வதுதான். தீ வட்டத்தின் சூடு முதலில் கல்லில் பரவிவிடுகிறது. கல்லுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய காற்றிடைவெளி மீதி வேகத்தைத் தணிக்கிறது. நேரம் கூடும், கேஸும் கூடும். கல் தட்டையாக இருந்தால்தான் பாத்திரம் ஆடாமல் உட்காரும். குழிந்த கல்லுக்கு இது ஆகாது. பால் பாதியாகும்வரை நேரடித் தீயில் வைத்துவிட்டு, கெட்டியாகும் கட்டத்தில் மட்டும் கல்லை அடியில் கொடுத்தால் நேரம் மிச்சமாகும்.

வாங்கும்போதும் வைத்துக்கொள்ளும்போதும்

கடையில் மொத்த எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கைப்பிடியும் மூடியுமே பாதி எடை பிடித்துவிடும். அடியை விரல் முட்டியால் தட்டுங்கள்: மெல்லிய தகடு கணீரென்று ஒலிக்கும், தட்டு பதித்த அடி மொத்தென்று அடங்கிவிடும். பாத்திரத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அடியில் தட்டின் விளிம்பு தனிப் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை பர்னர் வட்டத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். ட்ரை-ப்ளை என்று விற்பவற்றில் அலுமினியம் சுவர்வரை நடுவில் ஓடும். மூலையில் கருகுவது அதில் குறைவு. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

பாத்திரம் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். அடி வளைந்துவிடும். வளைந்த அடி சமதளத்தில் வைத்தால் ஆடும், அல்லது நடுவில் தூக்கி நிற்கும். அதேபோல் பாத்திரத்தைக் காய விட்டுவிட்டு அடுப்பை மறக்கவும் கூடாது. பதித்த தட்டு எவர்சில்வரிலிருந்து பிரியத் தொடங்கினால், அந்த இடத்தில் மட்டும் தொடர்ந்து சூடு ஒழுங்காக ஏறாது. தண்ணீர்ச் சோதனையில் குமிழி வராத ஒரு திட்டு தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தப் பாத்திரத்தைப் பால் வேலையிலிருந்து விலக்கி, பருப்பு வேகவைக்க வைத்துக்கொள்ளலாம்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் இந்தச் சிக்கல் தீராது. அதன் உள்ளே உள்ள கம்பிச் சுருளும் வட்டமானதுதான். மெல்லிய பாத்திரத்தில் அதற்கும் ஒரு வளையம் விழும். காந்தம் ஒட்டும் அடியாகவும் இருக்க வேண்டும், தட்டையாகவும் இருக்க வேண்டும். ஒரு அளவுகோலை அடியின் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அளவுகோலுக்கும் அடிக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்த இடத்தில் பாத்திரம் கண்ணாடியைத் தொடாது.